மைனஸ் ஏழரை லட்சமா, பிளஸ் ஆறு லட்சமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, கூரையில் 100 கிலோவாட் சோலார் போடலாமா என்று யோசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 50 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டு வெயிலில் அந்த அளவு சோலார் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 யூனிட் மின்சாரம் தரும். யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சமானால் 8.4 லட்சம். தகடு கழுவும் கூலி, காப்பீடு, பின்னால் இன்வெர்ட்டர் மாற்ற ஒதுக்கும் தொகை எல்லாம் போக ஆண்டுக்கு 7.5 லட்சம் கையில் நிற்கிறது. 20 ஆண்டுகள் இப்படியே ஓடும், போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். கணக்காளர் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றுகிறார். கடைசிக் கட்டத்தில் விடை வந்து நிற்கிறது: −₹7,62,333.

"மைனஸ்ல வருதுங்க. நமக்குக் கட்டுபடி ஆகாதுங்க" என்கிறார் அவர். "கம்ப்யூட்டர்லயே அப்படித்தான் வருதுன்னா விட்டுருங்க" என்கிறார் முதலாளி. ஃபைல் மூடப்படுகிறது.

அந்த விடை தவறு. இதே எண்களுக்குச் சரியான விடை 6 லட்சத்துக்குச் சற்று மேல், அதுவும் பிளஸ்ஸில். ஷீட்டில் ஓர் இடத்தில் பிசகு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஷீட்டைக் கட்டம் கட்டமாகத் துழாவ வேண்டியதில்லை. காகிதம்கூட இல்லாமல் இரண்டு நிமிடத்தில் போடக்கூடிய ஒரு மனக்கணக்கு, விடை தவறு என்பதையும் காட்டும், பிசகு எங்கே என்பதையும் ஏறக்குறையச் சொல்லிவிடும்.

முதலில், அந்தக் கடைசிக் கட்டத்தில் இருப்பது என்ன? அதன் பெயர் நிகர நிகழ்கால மதிப்பு. என்பிவி என்று சுருக்கிச் சொல்வார்கள். 12 சதவீதம் ஈட்டக்கூடியவருக்கு இன்றைய 100 ரூபாய் அடுத்த ஆண்டு 112 ரூபாய். அப்படியானால் அடுத்த ஆண்டு வரப்போகும் 112 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாய்தான். வருங்காலத்தில் வரும் ஒவ்வொரு தொகையையும் இப்படி இன்றைய மதிப்புக்குச் சுருக்கிக் கூட்டி, அதிலிருந்து இன்று போடும் முதலைக் கழித்தால் மிஞ்சுவது என்பிவி. பிளஸ்ஸில் வந்தால் கேட்ட 12 சதவீதத்துக்கு மேலேயே திட்டம் தருகிறது. மைனஸில் வந்தால் அந்த அளவுக்குத் தரவில்லை. வருமான வரியையும் தேய்மானச் சலுகையையும் இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. அவை எண்களை மாற்றும், சரிபார்க்கும் முறையை மாற்றா.

மனக்கணக்கை உச்சவரம்பிலிருந்து தொடங்க வேண்டும். சோலார் தகடு 20 ஆண்டோடு நிற்காமல் என்றென்றும் ஆண்டுக்கு 7.5 லட்சம் தந்துகொண்டே இருக்கும் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீத வட்டியில் ஆண்டுதோறும் 7.5 லட்சம் வாங்க எவ்வளவு டெபாசிட் வேண்டும்? 7.5ஐ 0.12ஆல் வகுத்தால் 62.5 லட்சம். முடிவில்லாத வருமானத்துக்கே இன்றைய மதிப்பு இவ்வளவுதான். ஆகவே இந்தத் திட்டத்தின் என்பிவி, எத்தனை ஆண்டு ஓடினாலும், 62.5 கழித்தல் 50, அதாவது 12.5 லட்சத்தைத் தாண்ட முடியாது. ஷீட் 30 லட்சம் என்று காட்டினால் அதோடு பேச்சு முடிந்தது. ஷீட்டில் தவறு இருக்கிறது. ஒரே ஒரு வகுத்தல் கணக்கு இதைச் சொல்லிவிடுகிறது என்பதால்தான் எந்த என்பிவியைப் பார்த்தாலும் நான் முதலில் போடுவது இதைத்தான்.

அடுத்து, வரப்போகாத பகுதியை வெட்ட வேண்டும். 21ஆம் ஆண்டு முதல் வரும் பணம் நமக்கு இல்லை. 20ஆம் ஆண்டின் முடிவில் நின்று பார்த்தால், அதற்குப் பிறகு முடிவில்லாமல் வரும் அந்தப் பணத்தின் மதிப்பும் அதே 62.5 லட்சம்தான். அதை 20 ஆண்டு பின்னோக்கி இன்றைக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு 72ஆம் விதி போதும். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் கிடைக்கும். இது பழைய விதி. 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலிலேயே இருக்கிறது. 72ஐ 12ஆல் வகுத்தால் 6. ஆறு ஆண்டில் இரண்டு மடங்கு, பன்னிரண்டில் நான்கு மடங்கு, பதினெட்டில் எட்டு மடங்கு. மீதி இரண்டு ஆண்டுக்கு இன்னொரு கால் பங்கு கூட்டினால் 20 ஆண்டில் பத்து மடங்கு. ஆகவே 62.5ஐ 10ஆல் வகுத்தால் 6.25 லட்சம். இதுதான் வெட்ட வேண்டிய பகுதி.

62.5இல் 6.25 போனால் 56.25. அதில் முதல் 50 போனால் 6.25 லட்சம். துல்லியமாகக் கணக்கிட்டால் வருவது ₹6,02,083. மனக்கணக்குக்கும் உண்மைக்கும் 23 ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம்.

இப்போது ஷீட்டுக்குத் திரும்புவோம். அது மைனஸ் 7.6 லட்சம் என்கிறது. அதாவது வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு 42.4 லட்சம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு வந்தது 56. பதினான்கு லட்சம் எங்கே போனது? அதே முறையைத் தலைகீழாக ஓட்டிப் பார்க்கலாம். 62.5இலிருந்து 42.4ஐக் கழித்தால் ஏறக்குறைய 20. ஷீட் வெட்டியிருக்கும் பகுதி 6 லட்சம் அல்ல, 20 லட்சம். 62.5 என்பது 20ஐப்போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். 12 சதவீதத்தில் பணம் மூன்று மடங்காக எத்தனை ஆண்டு ஆகும்? ஆறு ஆண்டில் இரண்டு மடங்கு, மேலும் நான்கு ஆண்டில் அதுவே ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மொத்தம் பத்து ஆண்டு. அப்படியானால் ஷீட் 20 ஆண்டுப் பணத்தைக் கூட்டவில்லை. பத்து ஆண்டோடு நிறுத்திக்கொண்டது.

ஃபார்முலாவைத் திறந்தால் இதுதான் இருக்கும்:

```
=NPV(B1,C3:C12)+C2
```

வட்டி B1 கட்டத்தில், முதல் C2இல் மைனஸ் எண்ணாக, வருமானம் C3 முதல் கீழே. இருபது ஆண்டு என்றால் C22 வரை போக வேண்டியது C12இல் நிற்கிறது. கணக்காளர் முதலில் பத்து ஆண்டுக்கு ஷீட் போட்டிருப்பார். தகடு 20 ஆண்டு உழைக்கும் என்று தெரிந்ததும் கீழே பத்து வரிசைகளைச் சேர்த்திருப்பார். வேறோர் இடத்தில் எழுதி வைத்த ஃபார்முலாவுக்கு அந்தச் சேதி போகவில்லை. வரிசைகள் எல்லாம் கண்ணெதிரே நிறைந்து இருப்பதால் ஷீட்டைப் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

இந்தப் பிசகு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. ஹார்வர்டு பொருளியலாளர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் அரசுக் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய எக்செல் ஷீட்டில் சராசரி எடுக்கும் ஃபார்முலா ஐந்து நாடுகளின் வரிசைகளை எடுத்துக்கொள்ளாமல் முன்னதாகவே நின்றிருந்தது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அந்த ஷீட்டை வாங்கிப் பார்த்தபோது அது வெளிப்பட்டது. கட்டுரையின் முடிவை மாற்றிய காரணங்கள் வேறும் இருந்தன. ஆனால் ஃபார்முலா பாதியில் நின்றதை ஆசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள்.

வேறு பிசகுகளும் தத்தம் அடையாளத்தோடுதான் வரும். வட்டிக் கட்டத்தில் 12% என்று போடாமல் வெறும் 12 என்று போட்டுவிட்டால் எக்செல் அதை 1,200 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். இருபது ஆண்டுப் பணமும் சுருங்கி 62 ஆயிரம் ரூபாய்ச் சொச்சமாகிவிடும். என்பிவி மைனஸ் 49.4 லட்சம் என்று வரும். போட்ட முதல் கிட்டத்தட்ட அப்படியே மைனஸில் நின்றால் முதலில் வட்டிக் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது வெற்றுக் கட்டம். நம்முடைய கம்பெனிக்கு அனுமதி வாங்கி, இணைப்புக் கிடைக்க ஓர் ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வருமானம் இல்லை. அடுத்த 20 ஆண்டுக்கு 7.5 லட்சம். கணக்காளர் முதல் ஆண்டுக் கட்டத்தில் 0 என்று எழுதாமல் காலியாக விட்டுவிடுகிறார். எக்செல்லின் NPV செயல்பாடு காலிக் கட்டத்தை ஓர் ஆண்டாகவே எண்ணாது. இரண்டாம் ஆண்டுப் பணத்தை முதல் ஆண்டுக்கு இழுத்துக்கொள்ளும். எல்லாப் பணமும் ஓர் ஆண்டு முன்னதாக வந்ததாகிவிடும். ஷீட் அதே 6 லட்சத்தைக் காட்டும். மனக்கணக்கு என்ன சொல்கிறது? ஓர் ஆண்டு தாமதம் என்றால் 56ஐ 1.12ஆல் வகுக்க வேண்டும். வருவது 50. முதலும் 50. என்பிவி பூஜ்யம். ஒரு பூஜ்யத்தை எழுதாமல் விட்டதில், லாபமே இல்லாத திட்டம் 6 லட்சம் லாபம் தருவதாகத் தெரிகிறது. தாமதம் உள்ள எந்தத் திட்டத்திலும், தாமதத்துக்கு முன் வந்த விடையும் பின் வந்த விடையும் ஒன்றாகவே இருந்தால் காலிக் கட்டம்தான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இதுவரை ஆண்டுதோறும் ஒரே தொகை என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் மின்கட்டணம் ஏறும். கூடவே மிச்சமும் ஏறும். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும் என்று ஷீட்டில் போட்டால் மனக்கணக்கில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 12இலிருந்து 3ஐக் கழித்து 9 சதவீதம் என்று வைத்து அதே கணக்கை ஓட்ட வேண்டும். 7.5ஐ 0.09ஆல் வகுத்தால் 83 லட்சம். 72ஐ 9ஆல் வகுத்தால் 8 ஆண்டில் இரட்டிப்பு. 20 ஆண்டில் இரண்டரை இரட்டிப்பு, அதாவது ஐந்தரை மடங்குக்குச் சற்று மேல். 83ஐ அதனால் வகுத்தால் 15. மீதி 68. என்பிவி 18 லட்சம். துல்லிய விடை 17.7 லட்சம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மூன்றே மூன்று சதவீத ஏற்றம் 6 லட்சத்தை 18 லட்சமாக்கிவிட்டது. சோலார் விற்க வருபவரின் விளம்பரத் தாளில் மின்கட்டண ஏற்றம் என்று ஒரு வரி எப்போதும் இருக்கும்; லாபத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. சோலார் தகட்டின் உற்பத்தி ஆண்டுக்கு அரை சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்துகொண்டே போகும். 0.6 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 12 என்பது 12.6 ஆகும், கட்டணம் ஏறவே இல்லை என்று வைத்த பழைய கணக்கில் 6 லட்சம் 4 லட்சமாகிவிடும். அரை சதவீதச் சொச்சம் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

ஏன் இவ்வளவு ஆட்டம்? என்பிவி என்பது இரண்டு பெரிய எண்களுக்கு இடையில் மிஞ்சும் சிறிய எண். 56க்கும் 50க்கும் நடுவில் உள்ள 6 அது. 56இல் வெறும் 2 குறைந்தால், அதாவது நூற்றுக்கு நாலுகூடக் குறையாதபோதே, 6இல் மூன்றில் ஒன்று போய்விடும். ஆகவே மனக்கணக்கையும் ஷீட்டையும் ஒப்பிடும்போது கடைசி விடைகளை ஒப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலைக் கழிப்பதற்கு முன்னால் இருக்கும் பெரிய எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். ஷீட்டில் அது 56 என்றும் மனதில் 57 என்றும் வந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதையே கழித்துவிட்டு 6, 7 என்று பார்த்தால் பெரிய முரண்பாடுபோலத் தோன்றும். அதேபோல, மனக்கணக்கில் என்பிவி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால், திட்டம் லாபமா நஷ்டமா என்று மனக்கணக்கு சொல்லாது. இது நூலிழையில் நிற்கும் திட்டம், சின்ன மாற்றமும் விடையைப் புரட்டிவிடும் என்று மட்டும் சொல்லும். முதலாளிக்கு அந்தச் செய்தியே பெரிது.

ஐந்தாறு ஆண்டே உழைக்கும் இயந்திரம் என்றால் வேறு வழி எளிது. எம்பிராய்டரி மெஷின் ஒன்று 20 லட்சம். ஐந்து ஆண்டில் முறையே 5, 7, 8, 6, 4 லட்சம் தருகிறது என்போம். மொத்தம் 30 லட்சம். பணம் பரவியிருக்கும் விதத்தைப் பார்த்தால் நடுப்பகுதி ஏறக்குறைய மூன்றாம் ஆண்டு. 30 லட்சமும் மூன்றாம் ஆண்டின் முடிவில் மொத்தமாக வருவதாக நினைத்துக்கொள்ளலாம். இரட்டிப்பாக ஆறு ஆண்டு என்பதால் மூன்று ஆண்டில் 1.4 மடங்கு. 30ஐ 1.4ஆல் வகுத்தால் 21.4. துல்லிய விடை 21.8. இந்த முறை எப்போதும் சற்றுக் குறைத்தே சொல்லும்; அதனால் மனதில் பிளஸ் வந்தால் உண்மையிலும் பிளஸ்தான். ஆனால் சோலார் போன்ற நீண்ட காலத் திட்டத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. 150 லட்சத்தைப் பத்தரை ஆண்டில் குவித்து வைத்தால் 46 லட்சம்தான் வரும். 56 எங்கே, 46 எங்கே.

மனக்கணக்கின் கண்ணில் படாத ஒரு பிசகும் உண்டு. அது மிகப் பரவலாக நடப்பதும்கூட. எக்செல்லின் NPV, தனக்குக் கொடுக்கும் முதல் எண்ணே ஓர் ஆண்டு கழித்து வருவது என்று வைத்துக்கொள்ளும். ஆகவே இன்று போடும் 50 லட்சத்தை அடைப்புக்குள் கொடுக்காமல் வெளியே கூட்ட வேண்டும். பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள்:

```
=NPV(B1,C2:C22)
```

இதில் முதலும் ஓர் ஆண்டு தள்ளிப்போகிறது. மொத்த விடையும் 1.12ஆல் வகுபடுகிறது. 6.02 லட்சம் என்பது 5.38 லட்சம் ஆகும். பிளஸ் பிளஸ்ஸாகவே இருக்கும், மைனஸ் மைனஸாகவே இருக்கும். ஏறக்குறையக் கணக்குப் போடுகிறவருக்கு 5.4ம் 6.25ம் பக்கத்துப் பக்கத்து எண்கள். வட்டியைப் பூஜ்யமாக்கிப் பார்த்தாலும் பிடிபடாது. சரியான ஃபார்முலாவும் தவறான ஃபார்முலாவும் அப்போது ஒரே விடையைத் தரும்.

இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஷீட்டைப் பிரதி எடுத்து, முதல் கட்டத்தில் −100, முதல் ஆண்டில் 224, மற்ற ஆண்டுகளில் எல்லாம் 0, வட்டி 12% என்று போடுங்கள். 224ஐ 1.12ஆல் வகுத்தால் மிகச் சரியாக 200. 100 போனால் 100. ஷீட்டும் 100 என்று காட்ட வேண்டும். 89.29 என்று காட்டினால் முதல் அடைப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. 12 என்று காட்டினால், 12 சதவீதக் கழிவோடு அடைப்புக்குள்ளும் வெளியிலும் சேர்த்து முதல் இரண்டு முறை கழிந்துவிடவில்லையா என்று பார்க்கலாம்; ஆனால் அந்தப் பிசகு நடந்திருந்தால் சோதனை விடை −10.71 என்றே வரும், 12 என்பது அதன் அடையாளம் அல்ல, வேறெங்கோ எண் மாறியிருக்கிறது. 100 வந்த பிறகு 224ஐ அங்கிருந்து எடுத்து இருபதாம் ஆண்டுக் கட்டத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு விதிப்படி அது 22 அல்லது 23 ஆகச் சுருங்கி, ஷீட் −77 அருகில் காட்டும். −100 என்றே அசையாமல் நின்றால், ஃபார்முலா கடைசி வரிசை வரை போகவில்லை.